நிலுவைத் தொகை கேட்டு எழுதும் கடிதம்: பணிவும் உறுதியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரக்கு அனுப்பிவிட்டோ வேலையை முடித்துக் கொடுத்துவிட்டோ பணத்துக்குக் காத்திருப்பவர்கள் எழுதும் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. முதல் வரியிலேயே சண்டைக்குப் போகும் கடிதங்களும் வருகின்றன. கடைசி வரிவரை கெஞ்சும் கடிதங்களும் வருகின்றன. இரண்டு வகையினரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விளக்கத்துக்காக ஒரே ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். 05.06.2024 அன்று பில் எண் 214-இன்படி ரூ. 86,400-க்குச் சரக்கு போயிருக்கிறது. தவணை 30 நாள். 20.06.2024 அன்று ரூ. 30,000 வந்தது. மீதி ரூ. 56,400; தவணை முடிந்த நாள் 05.07.2024. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கைச் சேர்ந்தவை.

பணம் கேட்பதே சங்கடமாக இருக்கிறது. கடிதத்தை எப்படித் தொடங்குவது?

பில் எண்ணிலிருந்து தொடங்குங்கள். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, மழை, வியாபாரம் என்று நாலு வரி சுற்றிவிட்டுப் பணத்துக்கு வந்தால், ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்வது போன்ற தோற்றம் வந்துவிடும். படிப்பவருக்கும் "இதற்குத்தான் இவ்வளவு பீடிகையா" என்று தோன்றும். ஒரு விளி, ஒரு வணக்கம் போதும். "பொருள்" வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டால் சங்கடத்தில் பாதி தீர்ந்துவிடும்: "பொருள்: 05.06.2024 தேதியிட்ட பில் எண் 214 – நிலுவை ரூ. 56,400 தொடர்பாக." முதல் கடிதத்தை முழுதாகத் தருகிறேன். பின்னால் வரும் பதில்களில் இதைத்தான் எடுத்துப் பேசப் போகிறேன்.

> 12.07.2024
>
> அன்புடையீர், வணக்கம்.
>
> 05.06.2024 தேதியிட்ட பில் எண் 214-இன்படி ரூ. 86,400 மதிப்புள்ள சரக்கு தங்களுக்கு அனுப்பப்பட்டது. 20.06.2024 அன்று தாங்கள் அனுப்பிய ரூ. 30,000 வரவு வைக்கப்பட்டுள்ளது; நன்றி. மீதி ரூ. 56,400-க்கான தவணை 05.07.2024 அன்று முடிந்தது. அத்தொகை இதுவரை எங்கள் கணக்கில் வந்துசேரவில்லை.
>
> 22.07.2024 அன்றோ அதற்கு முன்போ இத்தொகையைச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். பில்லில் ஏதேனும் வேறுபாடு இருந்தால் அதே தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். இதற்கிடையில் தொகையை அனுப்பியிருந்தால், அனுப்பிய தேதியையும் பரிமாற்ற எண்ணையும் தெரிவித்தால் கணக்கைச் சரிசெய்துவிடுகிறேன்.
>
> இப்படிக்கு,

"தாங்கள்" என்று எழுதுவதா, "நீங்கள்" என்று எழுதுவதா?

இரண்டும் மரியாதைதான். முன்பின் பழக்கமில்லாத நிறுவனத்துக்கும் வயதில் மூத்தவருக்கும் "தாங்கள்" இயல்பாக அமையும். வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசிக்கொள்பவருக்குத் திடீரென்று "தாங்கள்" போட்டால், உறவு முறிந்துவிட்டதோ என்று நினைப்பார். அவருக்கு "நீங்கள்" போதும்.

உண்மையான சிக்கல் இரண்டையும் கலப்பதில்தான் இருக்கிறது. "தாங்கள் அனுப்பிய தொகை கிடைத்தது" என்று தொடங்கி "நீங்கள் இன்னும் பாக்கியைத் தரவில்லை" என்று முடிக்கும் கடிதங்களை நிறையப் பார்க்கிறேன். எழுதுபவருக்குக் கோபம் ஏறிய இடம் அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகிறது. முதல் வரியில் எது வந்ததோ அதுவே கையொப்பம்வரை வரட்டும். மூன்றாவது கடிதத்திலும் அதே சொல்லையே பயன்படுத்துங்கள்.

"நீங்கள் பணம் தரவில்லை" என்பதுதானே உண்மை? அதை எழுதினால் ஏன் கோபப்படுகிறார்கள்?

உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தில் எழுவாய் அவர். தவறியவர் அவர் என்று விரல் நீட்டியாகிவிட்டது. முதல் கடிதம் எழுதும்போது உங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தொகை உங்கள் கணக்குக்கு வரவில்லை. அவர் அனுப்பி வங்கியில் நின்றிருக்கலாம், பில் அவருடைய கணக்காளரின் மேசையிலேயே இருக்கலாம். எனவே தொகையையே எழுவாயாக்குங்கள்: "அத்தொகை இதுவரை வந்துசேரவில்லை." யாரையும் குற்றம் சொல்லவில்லை, எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. "தாங்கள் மறந்திருக்கலாம்" என்று எழுதுவதையும் தவிருங்கள். பரிவு என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள். படிப்பவர் காதில் அது அவருடைய நிர்வாகத்தைக் குறை சொல்வதாக விழுகிறது.

சுடுசொல் எதுவும் இல்லாமலே சுடும் கடிதங்கள் உண்டு. அதைச் செய்பவை சின்னஞ்சிறு இடைச்சொற்கள். "இந்த முறையாவது அனுப்பவும்", "ஒரு பதில்கூட வரவில்லை", "ஏற்கெனவே சொன்னேனே", "தவணை முடிந்தது தெரியும்தானே". இவற்றிலுள்ள "ஆவது", "கூட", "ஏ", "தானே" ஆகியவற்றை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். தகவல் ஒன்றும் குறையாது, குத்தல் மட்டும் போய்விடும். எழுதி முடித்ததும் இந்த நாலு ஒட்டுகளை மட்டும் தேடி ஒருமுறை படிப்பது நல்ல பழக்கம். பேச்சில் இவை குரலோடு சேர்ந்து மென்மையாகிவிடும். தாளில் அந்தக் குரல் இருக்காது.

"தயவுசெய்து", "பணிவுடன்", "தாழ்மையுடன்" – எத்தனை போடலாம்?

கடிதத்துக்கு ஒன்று. சில சமயம் அதுவும் தேவைப்படாது. "செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்பதிலேயே பணிவு இருக்கிறது. அதற்கு முன்னால் "தயவுகூர்ந்து தங்கள் மேலான சமூகத்தைத் தாழ்மையுடன்" என்று சேர்த்தால் அது விண்ணப்பமாகிவிடும். சலுகை கேட்கும்போதும் மன்னிப்புக் கேட்கும்போதும் தாழ்மை பொருந்தும். கொடுத்த சரக்குக்கு விலை கேட்பது அந்த வகையில் சேராது. "பெரிய மனது வைத்து", "உதவி செய்யும்படி" போன்றவை இன்னும் மோசம். அவர் தரவேண்டிய கடனை நீங்களே நன்கொடை ஆக்கிவிடுகிறீர்கள். அப்புறம் அவருக்கு வசதிப்பட்டபோதுதான் தருவார்.

வினைமுற்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் உறுதியின் அளவு இருக்கிறது. "செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்" முதல் கடிதத்துக்குப் பொருத்தம். "செலுத்தவும்" சற்று இறுக்கமானது. நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று எழுதும்போது அது இயல்பாகவே ஒலிக்கும், தனிமனிதருக்கு எழுதும்போது கொஞ்சம் வறட்சியாகத் தெரியும். "செலுத்த வேண்டும்" என்பது கடமையைச் சொல்வது. அதை இரண்டாம் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் கடிதத்திலேயே அதை எடுத்துவிட்டால் பிறகு ஏறுவதற்குப் படி இருக்காது.

நாலு வார்த்தை புகழ்ந்து எழுதினால் அவர் மனம் இளகாதா?

இளகும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். "தங்களைப் போன்ற பெருந்தன்மை மிக்க தொழிலதிபருக்கு இச்சிறு தொகை ஒரு பொருட்டல்ல என்பதை அறிவேன்" என்று ஒரு கடிதம் திருத்தத்துக்கு வந்தது. அதை அவர் இருந்த இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். சிறு தொகை என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அப்படியானால் அவசரமும் இல்லை. போதாததற்கு, அடுத்த கடிதத்தில் நீங்கள் குரலை உயர்த்தினால் இந்தப் புகழ்ச்சி முழுவதும் பொய் என்று ஆகிவிடும்.

நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்றால் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். "கடந்த இரண்டு ஆண்டுகளாகத் தங்கள் கணக்கு தவணை தவறாமல் நடந்துவந்துள்ளது" என்பது பதிவேட்டில் உள்ள உண்மை. அது அவரை மதிக்கிறது. இந்த முறை மட்டும் ஏதோ மாறியிருக்கிறது என்பதையும் சொல்லாமல் சொல்கிறது. மேலே உள்ள கடிதத்தில் "ரூ. 30,000 வரவு வைக்கப்பட்டுள்ளது, நன்றி" என்ற வரியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

"கூடிய விரைவில்" என்று எழுதினால் போதாதா? தேதி போட்டால் கட்டளை மாதிரி இருக்கிறதே.

தேதி கட்டளையாகத் தோன்றுவது வினைச்சொல் கடுமையாக இருக்கும்போதுதான். "கேட்டுக்கொள்கிறேன்" என்பதோடு வரும் தேதி ஒரு தகவல். அவர் தம் பணவரவைத் திட்டமிட அது உதவவும் செய்கிறது. "கூடிய விரைவில்" என்று எழுதினால் உங்கள் மனத்தில் ஒரு வாரம், அவர் மனத்தில் அடுத்த மாதம். இரண்டாம் கடிதத்தில் "குறித்த நாள் கடந்துவிட்டது" என்று எழுதவும் முடியாது, ஏனென்றால் நாளைக் குறிக்கவே இல்லை.

"22ஆம் தேதிக்குள்" என்பதிலும் ஒரு சிறு ஓட்டை உண்டு. 22 சேர்ந்ததா, 21-உடன் முடிந்ததா என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். "22.07.2024 அன்றோ அதற்கு முன்போ" என்றால் வாதத்துக்கு இடமில்லை. முதல் கடிதத்தில் பத்து நாள் இடைவெளி நியாயமானது. மறுநாளே வேண்டும் என்று கேட்டால், எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் அது முரட்டுத்தனம்தான்.

முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை. இரண்டாவதில் எவ்வளவு காட்டமாக எழுதலாம்?

காட்டம் வேண்டாம், மாற வேண்டியவை மூன்றுதான். முதல் கடிதத்தைத் தேதியோடு குறிப்பிடுங்கள். "கேட்டுக்கொள்கிறேன்" என்பதற்குப் பதில் "செலுத்த வேண்டும்" வரட்டும். எழுவாய் இப்போது அவராகலாம். பதில் தராதது உண்மையிலேயே அவர் செயல். 29.07.2024 தேதியிட்ட இரண்டாம் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையும்:

> எங்கள் 12.07.2024 தேதியிட்ட கடிதத்துக்குத் தாங்கள் இதுவரை பதில் அளிக்கவில்லை. பில் குறித்து ஆட்சேபம் எதையும் தாங்கள் தெரிவிக்கவில்லை. எனவே நிலுவைத் தொகை ரூ. 56,400-ஐத் தாங்கள் 08.08.2024 அன்றோ அதற்கு முன்போ செலுத்த வேண்டும். ஒரே தவணையில் செலுத்த இயலாத நிலை இருந்தால், எந்தத் தேதியில் எவ்வளவு செலுத்த இயலும் என்பதை அதே தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பணம் இல்லாதவர் பதில் எழுதக் கூச்சப்பட்டே மௌனமாக இருப்பார். அவருக்கு ஒரு வழி திறந்து வைப்பது மரியாதை. அதற்கும் தேதி குறிப்பது உறுதி. அவர் தவணை கேட்டு எழுதினால் அந்தக் கடிதத்துக்கு வேறு ஒரு பயனும் உண்டு. கால வரம்பு பற்றிய பதிலில் அதைச் சொல்கிறேன்.

"உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதலாமா?

எல்லோரும் எழுதுவதால் யாரும் அஞ்சாத வாக்கியம் இது. எது உரியது, யார் எடுப்பது, எப்போது என்று எதுவுமே அதில் இல்லை. மிரட்டலின் ஓசை இருக்கிறது, பொருள் இல்லை. உறவையும் கெடுக்கும், பணத்தையும் கொண்டுவராது. நீங்கள் செய்யப் போவதை, உங்கள் கையில் இருப்பதை, அப்படியே எழுதுங்கள். 19.08.2024 தேதியிட்ட மூன்றாம் கடிதத்தில்:

> 03.09.2024 அன்றோ அதற்கு முன்போ முழுத் தொகையும் வந்துசேராவிட்டால், அதன் பின் தங்களுக்குக் கடனில் சரக்கு அனுப்ப இயலாது. கணக்கு ஆவணங்களை எங்கள் வழக்கறிஞரிடம் 04.09.2024 அன்று ஒப்படைப்போம். அந்த நிலை ஏற்படாமல் கணக்கை முடித்துக்கொள்ளவே விரும்புகிறோம்.

இதில் "எச்சரிக்கிறேன்" என்ற சொல் இல்லை; ஆனாலும் எச்சரிக்கை இருக்கிறது. "இல்லையேல் விளைவுகளைச் சந்திக்க நேரிடும்" போன்ற மேடைத் தமிழைத் தவிருங்கள். போலீஸில் பிடித்துக் கொடுப்பேன், வீட்டுக்கு ஆள் அனுப்புவேன், உறவினர்களிடம் சொல்வேன் என்றெல்லாம் எழுதினால் அந்தக் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். அதே காரணத்துக்காக நிலுவைச் செய்தியைத் திறந்த அஞ்சலட்டையில் எழுத வேண்டாம். தொடர்பில்லாதவர்களுக்கு நகலும் அனுப்ப வேண்டாம். அப்புறம், நான்காம் தேதி என்று எழுதினால் நான்காம் தேதி ஒப்படைத்துவிடுங்கள். "இறுதி நினைவூட்டல்" என்று தலைப்பிட்ட கடிதம் இரண்டாவது முறை போனால், அதற்குப் பின் நீங்கள் எழுதும் எந்தத் தேதிக்கும் மதிப்பிருக்காது.

வட்டி கேட்பது அநாகரிகமா?

பில்லிலோ ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால் அநாகரிகம் இல்லை. முதல் கடிதத்தில் அதை எடுக்க வேண்டாம். இரண்டாவதில் விதியை நினைவூட்டுங்கள். மூன்றாவதில் தொகையாகச் சொல்லுங்கள். "கடும் வட்டி வசூலிக்கப்படும்" என்பது மிரட்டல். நம் பில்லில் ஆண்டுக்கு 18 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொண்டால், இப்படி எழுதலாம்: "பில்லில் குறிப்பிட்டுள்ளபடி 06.07.2024 முதல் 19.08.2024 வரை 45 நாட்களுக்கான வட்டி ரூ. 1,252." ரூ. 56,400-க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ. 27.81, அதன் 45 மடங்கு. கணக்கைக் காட்டிவிட்டால் அடைமொழி தேவைப்படாது. 03.09.2024-க்குள் அசல் வந்துவிட்டால் வட்டியைத் தள்ளுபடி செய்யத் தயார் என்று சொல்ல நினைத்தால், அதையும் அந்தத் தேதியோடு சேர்த்தே சொல்லுங்கள்.

முன்கூட்டி எழுதிக்கொள்ளாத வட்டியை நடுவில் நுழைக்காதீர்கள். ஒன்று தெரிந்திருப்பது நல்லது: இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் வரும் குறு, சிறு நிறுவனங்களுக்கு, ஒப்பந்தம் செய்துகொண்டாலும் தவணை 45 நாட்களைத் தாண்டக் கூடாது. ஒப்புக்கொண்ட தவணைக்குள் பணம் வராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி கேட்க அச்சட்டம் இடமளிக்கிறது. நீங்கள் அதில் வருகிறீர்களா என்று உறுதி செய்துகொண்ட பிறகு கடிதத்தில் சட்டத்தின் பெயரை ஒருமுறை குறிப்பிட்டால் போதும்.

கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பிவிட்டது. இப்போதும் பணிவாகவா எழுத வேண்டும்?

பணிவாகத்தான். ஆனால் இது நினைவூட்டல் அல்ல, சட்டப்படியான அறிவிப்பு. இங்கே மென்மையால் பொருள் மங்கினால் உங்களுக்கே நட்டம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படி, காசோலை திரும்பியதை வங்கி தெரிவித்த 30 நாட்களுக்குள் எழுத்தில் பணம் கேட்டாக வேண்டும். அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். "காசோலை திரும்பியது வருத்தமளிக்கிறது, ஆவன செய்யவும்" என்று எழுதினால் அதில் கோரிக்கையே இல்லை.

காசோலையின் எண், தேதி, தொகை, வங்கி சொன்ன காரணம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "இக்காசோலைத் தொகையை, இவ்வறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டும்" என்று நேராக எழுதுங்கள். வட்டியோ பழைய பாக்கியோ கேட்பதாக இருந்தால் அதைக் காசோலைத் தொகையோடு கூட்டி ஒரே எண்ணாக்காமல் தனியே காட்டுங்கள். "மோசடிக்காரர்", "ஏமாற்றுப் பேர்வழி" போன்ற சொற்கள் வேண்டாம். அது தீர்ப்பு, அதை நீங்கள் எழுத வேண்டியதில்லை. இந்த ஒரு கடிதத்தை மட்டும் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மரியாதையாக நினைவூட்டிக்கொண்டே இருக்கிறேன். எனக்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறதே, பயமில்லைதானே?

உங்கள் கடிதங்கள் நீங்கள் கேட்டதற்குத்தான் ஆதாரம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, இப்படிப்பட்ட சரக்கு பாக்கிக்கு வழக்குத் தொடரத் தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் இருக்கிறது. நீங்கள் எத்தனை நினைவூட்டல் அனுப்பினாலும் அந்தக் காலம் நீளாது. நீள வேண்டும் என்றால், அது முடிவதற்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும். அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு எண்ணப்படும். நம் எடுத்துக்காட்டில் கெடு 2027 ஜூலையில் முடிகிறது.

இதைக் கேட்பதற்கும் சண்டை தேவையில்லை. ஆண்டு முடிவில் எல்லோரும் அனுப்பும் கணக்கு அறிக்கையோடு, "31.03.2025 அன்று எங்கள் ஏட்டின்படி தங்கள் கணக்கில் நிலுவை ரூ. 56,400. இது தங்கள் ஏட்டோடு பொருந்துவதை உறுதிசெய்து, இணைப்பிலுள்ள நகலில் கையொப்பமிட்டு அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதலாம். எந்தக் கணக்காளருக்கும் இது வழக்கமான வேலை. முகம் சுளிக்கவும் மாட்டார்.

நான்தான் பணம் தர வேண்டியவன். அவகாசம் கேட்டு எழுதினால் கெஞ்சுவது போல் ஆகிவிடுமோ?

தேதியும் தொகையும் இருந்தால் ஆகாது. "தாங்கள் பெரிய மனதுடன் பொறுத்தருள வேண்டும், குடும்பச் சூழ்நிலை காரணமாக..." என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட, "ரூ. 56,400 நிலுவையில் ரூ. 20,000-ஐ 10.08.2024 அன்றும் மீதி ரூ. 36,400-ஐ 10.09.2024 அன்றும் செலுத்துகிறேன். தாமதத்துக்கு வருந்துகிறேன். இதற்குத் தங்கள் இசைவை எதிர்பார்க்கிறேன்" என்பது கண்ணியமானது. வருத்தம் ஒருமுறை, காரணம் அதிகம் போனால் ஒரு வரி. முடியாத தேதியை, நன்றாக இருக்கிறதே என்று எழுதிவிடாதீர்கள்.

முந்தைய பதிலில் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்: கையெழுத்திட்டு எழுதும் இந்தக் கடிதம் கடனை ஒப்புக்கொள்வதாகும். தொகையில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்கவில்லை என்றால், ஏற்கும் தொகையை மட்டும் குறிப்பிட்டு, "மற்ற ரூ. 6,000 சேதமடைந்த சரக்கைச் சேர்ந்தது, அதை ஏற்க இயலவில்லை" என்று தனியே எழுதுங்கள். "இயலவில்லை" என்பது "முடியாது" என்பதைவிட மென்மையானது. பொருளில் ஒரு மாற்றமும் இல்லை.

கடன் வாங்கியவர் சொந்தக்காரர். அவருக்கு "அன்புடையீர்" என்று எழுதினால் அடிக்கிற மாதிரி இருக்காதா?

இருக்கும். அழைக்கும் முறையிலேயே எழுதுங்கள்: "அன்புள்ள மாமா அவர்களுக்கு", "அன்புள்ள தம்பிக்கு". நலம் விசாரிப்பதற்கும் இங்கே இடம் உண்டு, ஆனால் அது முதல் பத்தியோடு முடியட்டும். இரண்டாம் பத்தி முழுவதும் பணமாக இருக்கட்டும்: எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு திரும்பியது, மீதி எவ்வளவு, எப்போது தேவை. இரண்டையும் ஒரே பத்தியில் பிசைந்தால் பாசத்தைக் காட்டிப் பணம் கேட்பதாகத் தோன்றும்.

உங்கள் தேவையைச் சொல்வது உறவுக்காரரிடம் பொருந்தும். நிறுவனத்துக்கு எழுதும்போது அது தேவையில்லை. "ஜூன் மாதம் பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், ஆகவே மே 25ஆம் தேதி இந்தத் தொகை கைக்கு வந்தால்தான் சமாளிக்க முடியும்" என்பதில் காரணமும் இருக்கிறது, நாளும் இருக்கிறது. "அன்று நான் உதவியதை நினைத்துப் பாருங்கள்" என்பதை மட்டும் எழுதிவிடாதீர்கள். தொகை திரும்பிவிடலாம், அந்த வரி திரும்பாது.

கடிதத்துக்குப் பதில் திட்டி வந்திருக்கிறது. அதே பாணியில் திருப்பிக் கொடுக்கலாமா?

அதில் கணக்கைத் தொடும் வாக்கியங்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். "உங்கள் சரக்கே மட்டம், காசுக்கு அலைகிறீர்கள், இருபது பெட்டி உடைந்திருந்தது" என்று வந்திருந்தால், பதில் சொல்ல வேண்டியது இருபது பெட்டிக்கு மட்டும்: "இருபது பெட்டிகள் சேதமடைந்திருந்ததாகத் தங்கள் கடிதத்தில் குறிப்பிட்டுள்ளீர்கள். சரக்கைப் பெற்றுக்கொண்ட ரசீதில் அப்படிக் குறிப்பு இல்லை, நகல் இணைத்துள்ளேன். சேதத்துக்கான படங்கள் இருந்தால் அனுப்பவும், பரிசீலிக்கிறேன். சர்ச்சையில்லாத மீதித் தொகையை முன்பு குறித்த தேதியில் செலுத்தவும்." மற்றவற்றைக் கண்டுகொள்ளவே வேண்டாம். "தங்கள் தரக்குறைவான மொழிக்குப் பதில் அளிக்க விரும்பவில்லை" என்பதும் ஒரு பதில்தான், அதையும் விட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் இதே நடைதானா?

சொற்கள் இவைதான், நீளம் குறையும்: "வணக்கம். பில் 214, நிலுவை ரூ. 56,400, தவணை 05.07.2024. 22.07.2024 அன்றோ அதற்கு முன்போ அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்." கைகூப்பும் படங்களை வரிசையாகப் போட்டால் "தாழ்மையுடன்" பற்றிச் சொன்னதெல்லாம் இங்கும் வந்துவிடும். மூன்றாம் கடிதத்தையும் காசோலை அறிவிப்பையும் பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

பாதித் தொகையை அனுப்பிவிட்டு "இத்துடன் கணக்கு முடிந்தது" என்று எழுதியிருக்கிறார். பணத்தை வாங்கிக்கொண்டு என்ன எழுதுவது?

பேசாமல் வரவு வைத்துவிட்டால் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகப் பின்னால் சொல்வார். கோபமாகத் திருப்பி அனுப்பினால் வந்த பணமும் போகும். அன்றோ மறுநாளோ எழுதுங்கள்: "தாங்கள் அனுப்பிய ரூ. 28,000 கிடைத்தது, நன்றி. இது பில் எண் 214-இன் நிலுவையில் ஒரு பகுதியாக வரவு வைக்கப்பட்டுள்ளது. கணக்கு முடிந்ததாகத் தாங்கள் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. மீதி ரூ. 28,400 இன்னும் நிலுவையில் உள்ளது."

நன்றியும் மறுப்பும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டாம். "நன்றி, ஆனால்" என்று எழுதினால் நன்றி செத்துவிடும். தொகை, நன்றி, முற்றுப்புள்ளி. அடுத்த வாக்கியத்தில் மறுப்பைச் சொல்லுங்கள். அதற்கடுத்து மீதிக்கான தேதி.